பொருளடைவுப் படத்தைத் தட்டச்சாக்கும்போது மடங்கிய வரியை என்ன செய்வது?

அடையாறு_நடை | பிப்ரவரி 4, இரவு 9:50

சென்னை நீர்நிலைகளைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்று பாரதி சாலை நடைபாதையில் கிடைத்தது. மொத்தம் 312 பக்கம், மறுபதிப்பு வரவில்லை. கடைசி 9 பக்கமும் பொருளடைவு, பக்கத்துக்கு இரண்டு பத்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரை, கால்வாய்க்கரை என்று நடக்கிற எங்கள் குழுவுக்கு இந்த அடைவு தட்டச்சில் வேண்டும். எந்த ஏரி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கைப்பேசியிலேயே தேடிப் பார்க்கலாம் அல்லவா, அதற்குத்தான்.

படம் எடுத்து, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருளில் கொடுத்தால் இடப்பத்தி வரியும் வலப்பத்தி வரியும் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாக வருகிறது. அதைச் சரிசெய்துவிடலாம். என் கேள்வி அதற்கு அடுத்தது. இடப்பத்தியின் அடிப்பகுதி அச்சில் இப்படி இருக்கிறது:

```
செங்குன்றம் ஏரி, 33, 70–4
  கரை உயர்த்தல், 71,
      188–90
செம்பரம்பாக்கம் ஏரி, 41, 58–
      63
  குடிநீர் வழங்கல், 60–2
  கொள்ளளவு, 58, 117–18
```

வலப்பத்தியின் உச்சி இப்படி:

```
  மதகுகள், 14, 20–3
  வெள்ள நீர் வெளியேற்
      றம், 201–8
சேத்துப்பட்டு ஏரி, 96
சோழவரம் ஏரி, 33, 75–8
```

கண்ணுக்கு மூன்று உள்தள்ளல் தெரிகிறது. ஆனால் பொருளில் இரண்டு படிதான். ஏரி ஒரு படி, ஏரியைப் பற்றிய செய்தி இன்னொரு படி. மூன்றாவதாகத் தெரிவது இடம் போதாமல் மடங்கிய வரி, அவ்வளவே. அதனால் தட்டச்சில் ஒரு பதிவு ஒரே வரியாக இருக்க வேண்டும், உள்தள்ளல் எது எதற்குக் கீழே என்பதை மட்டும் சொல்ல வேண்டும், பத்தி எவ்வளவு குறுகலாக இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்பது என் கருத்து. இதில் யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா? ஒன்பது பக்கத்துக்கும் இதையே செய்யப்போகிறேன், அதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

விருகை_கணினி | பிப்ரவரி 4, இரவு 10:15

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை சார். `--psm 1` போட்டால் பத்திகளை அதுவே பிரித்துவிடும். கூடவே `-c preserve_interword_spaces=1` கொடுத்தால் வெற்றிடமெல்லாம் அப்படியே வரும். அச்சில் மூன்று உள்தள்ளல் இருந்தால் தட்டச்சிலும் மூன்று வையுங்கள், அதுதான் நேர்மை. 70–4 மாதிரி அரைகுறையாக இருப்பதை எல்லாம் 70–74 என்று விரித்து எழுதிவிடுங்கள், படிப்பவர்களுக்குக் குழப்பம் இருக்காது.

தி.நகர்_வாசகர் | பிப்ரவரி 5, காலை 7:05

பொருளடக்கத்தில் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே வரிசையாகப் புள்ளி வைத்திருப்பார்களே, அது எல்லாம் எனக்கு "........" என்று வந்து தொல்லை கொடுத்தது. அதைத் தேடி அழித்துவிட்டால் போதும். உங்களுக்கும் அதே சிக்கல்தானே?

அடையாறு_நடை | பிப்ரவரி 5, காலை 8:30

தி.நகர் நண்பரே, நீங்கள் சொல்வது முன்பக்கத்துப் பொருளடக்கம். நான் கேட்பது கடைசியில் அகரவரிசையில் வரும் அடைவு. அதில் புள்ளி வரிசை கிடையாது, காற்புள்ளிதான்.

விருகை, தானாகப் பத்தி பிரிப்பது சில பக்கங்களில் சரியாகவே வந்தது. ஆனால் இரு பத்திக்கும் நடுவே உள்ள வெள்ளை இடம் குறுகலாக இருக்கும் பக்கத்தில், இடப்பத்தியில் ஒரு நீள வரி வந்து வலப்பத்தியை நெருங்கிவிட்டால் அந்த இடத்தில் மட்டும் இரண்டும் ஒட்டிவிடுகின்றன. முழுப் பக்கமும் குழம்பியிருந்தால் பார்த்தவுடன் தெரியும். மூன்று வரி மட்டும் குழம்பியிருந்தால் தெரியாமல் போய்விடும், எனக்கு அதுதான் பயம். அதனால் படத்தையே இரண்டாக வெட்டி இடத்தைத் தனியாகவும் வலத்தைத் தனியாகவும் கொடுக்கப்போகிறேன். வரித் தொடக்கத்து வெற்றிடத்துக்கு நீங்கள் சொன்ன அமைப்பை நம்ப முடியாது, அது சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கானது.

பழைய_கம்பாசிட்டர் | பிப்ரவரி 5, மதியம் 2:40

ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவன் நான், பிறகு கணினியில் பக்கம் அமைத்தேன். இண்டெக்ஸ் நிறையப் போட்டிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

அடையாறு சொல்வது சரி. மடங்கிய வரியை உள்பதிவைவிட உள்ளே தள்ளி வைப்பதற்குக் காரணமே, உள்பதிவோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதுதான். எந்தப் பதிவிலிருந்து மடங்கியிருந்தாலும் எல்லாம் ஒரே ஆழத்தில் நிற்கும். உங்கள் படத்தில் "188–90" உள்பதிவிலிருந்து மடங்கியது, "63" தலைப்பதிவிலிருந்து மடங்கியது, ஆனாலும் இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன பாருங்கள். விருகை தம்பி சொல்வது போல மூன்று படி வைத்தால் "63" என்பது செம்பரம்பாக்கத்தின் பேரப்பிள்ளை ஆகிவிடும். அதற்கு நடுவில் பிள்ளையே இல்லை.

எது மடங்கிய வரி என்று கண்டுபிடிக்க ஆழத்தை மட்டும் பார்க்காதீர்கள். மேல்வரி எப்படி முடிகிறது என்று பாருங்கள். காற்புள்ளியிலோ கோட்டிலோ முடிந்தால், அல்லது எண்ணே வராமல் பத்தியின் வலது ஓரம் வரை போய் முடிந்தால், அடுத்த வரி அதன் மிச்சம். எண்ணில் தொடங்கும் வரி பெரும்பாலும் மடங்கிய வரிதான். "2015 வெள்ளம்" மாதிரி ஆண்டில் தொடங்கும் பதிவுகள்தான் விதிவிலக்கு. அங்கே ஆண்டுக்குப் பின்னால் சொல் வரும்.

தமிழில் இன்னொரு அடையாளமும் உண்டு. நாங்கள் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும்போது பெரும்பாலும் இணைப்புக்கோடு போட மாட்டோம். உங்கள் "வெளியேற் / றம்" அப்படித்தான். ற, ன, ண, ழ, ள இவற்றில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது, நன்னூலில் மொழிமுதல் எழுத்து என்று படித்திருப்பீர்கள். அதனால் ஒரு வரி "றம்" என்று தொடங்கினால் அது புதுப் பதிவாக இருக்கவே முடியாது. மேலே ஒட்டுங்கள், நடுவில் வெற்றிடம் விடாமல்.

அடையாறு_நடை | பிப்ரவரி 5, இரவு 11:20

மொழிமுதல் எழுத்தை இந்த வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி ஐயா.

இன்று ஒரு பக்கத்தை முழுக்கச் செய்து பார்த்தேன், முறையை எழுதுகிறேன். கைப்பேசியைப் புத்தகத்துக்கு நேர்மேலே பிடித்து, ஒரு படத்தில் ஒரு பத்தி மட்டும் வரும்படி எடுத்தேன். அடைவின் எழுத்து நூலின் மற்ற எழுத்தைவிடச் சிறியது. பக்கம் முழுவதையும் ஒரே படத்தில் எடுத்தால் ஓர் எழுத்தின் உயரம் 15 பிக்சல்கூட வருவதில்லை. சுமார் 30 பிக்சல் இருந்தால் டெசராக்ட் நன்றாகப் படிக்கிறது. அப்புறம் இந்தக் கட்டளை:

```
tesseract idam.png idam -l tam+eng --psm 6 tsv
```

கடைசியில் உள்ள `tsv` முக்கியம். வெறும் உரையாக வாங்கினால் உள்தள்ளல் போய்விடும். இப்படி வாங்கினால் ஒவ்வொரு சொல்லும் படத்தின் இடது ஓரத்திலிருந்து எத்தனை பிக்சல் தள்ளி இருக்கிறது என்று `left` என்னும் கட்டத்தில் கிடைக்கும். ஒவ்வொரு வரியின் முதல் சொல்லை மட்டும் எடுத்துப் பார்த்தால்:

```
left   text
 42    செங்குன்றம்
 78    கரை
150    188–90
 47    செம்பரம்பாக்கம்
156    63
 86    குடிநீர்
 91    கொள்ளளவு
```

40ஐ ஒட்டி இருப்பவை தலைப்பதிவு, 80ஐ ஒட்டி இருப்பவை உள்பதிவு, 150ஐ ஒட்டி இருப்பவை மடங்கிய வரி. ஆனால் கவனித்தீர்களா, "கரை" 78இல் இருக்கிறது, "கொள்ளளவு" 91க்குப் போய்விட்டது. இரண்டும் ஒரே ஆழம்தான். புத்தகத்தின் முதுகுப் பக்கம் தாள் வளைகிறது, அந்தப் பக்கத்துப் பத்தியின் இடது ஓரமும் சேர்ந்து வளைகிறது. ஒரு பக்கத்தில் அடிவரியின் தலைப்பதிவு 70வரை வந்துவிட்டது. அங்கே "60ஐத் தாண்டினால் உள்பதிவு" என்று ஒரே எல்லை வைத்திருந்தால் தலைப்பதிவுகள் எல்லாம் மேலே உள்ள ஏரிக்குக் கீழே போயிருக்கும். அதனால் மேல்வரியோடும் கீழ்வரியோடும் ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கிறேன். பக்கத்து வரியைவிட 30, 40 பிக்சல் தாவினால் படி மாறுகிறது, ஐந்தாறு பிக்சல் நகர்ந்தால் அது வளைவு.

இரண்டு பத்தியும் சேர்ந்தபின் கிடைத்தது:

```
செங்குன்றம் ஏரி, 33, 70–4
	கரை உயர்த்தல், 71, 188–90
செம்பரம்பாக்கம் ஏரி, 41, 58–63
	குடிநீர் வழங்கல், 60–2
	கொள்ளளவு, 58, 117–18
	மதகுகள், 14, 20–3
	வெள்ள நீர் வெளியேற்றம், 201–8
சேத்துப்பட்டு ஏரி, 96
சோழவரம் ஏரி, 33, 75–8
```

ஒட்டும்போது மூன்று விதமாக ஒட்ட வேண்டியிருக்கிறது. "71," என்று காற்புள்ளியில் முடிந்தால் ஒரு வெற்றிடம் விட்டு ஒட்ட வேண்டும். "58–" என்று கோட்டில் முடிந்தால் வெற்றிடம் கூடாது. சொல் உடைந்திருந்தாலும் கூடாது.

வலப்பத்தியைத் தனியாகப் படித்தால் "மதகுகள்" தாயில்லாமல் நிற்கும். பத்தியின் உச்சியில் உள்பதிவு வந்தால் அதன் தலைப்பதிவு முந்தைய பத்தியின் அடியில் இருக்கும். சில பக்கங்களில் "செம்பரம்பாக்கம் ஏரி (தொடர்ச்சி)" என்று மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். அதைத் தட்டச்சில் விட்டுவிட்டேன்.

விருகை_கணினி | பிப்ரவரி 6, காலை 9:10

உள்தள்ளல் விஷயம் புரிந்தது, ஒப்புக்கொள்கிறேன். "(தொடர்ச்சி)"யை நீக்குவது எனக்கு உடன்பாடு இல்லை. அச்சில் இருப்பதை நீக்க நாம் யார்? எண்களை விரிப்பது பற்றியும் நீங்கள் எதுவும் சொல்லவில்லை.

பழைய_கம்பாசிட்டர் | பிப்ரவரி 6, மாலை 4:25

தம்பி, "(தொடர்ச்சி)" நூலாசிரியர் எழுதியதில்லை. பக்கம் மாறுகிறதே, வாசகர் தடுமாறக் கூடாதே என்று நாங்கள் போட்டது. பத்தியே இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. ஆனாலும் ஓர் அச்சுப் பக்கத்தை அப்படியே ஆவணமாக வைப்பதுதான் நோக்கம் என்றால் நீங்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. என்ன நோக்கத்துக்குத் தட்டச்சு செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

எண்ணை விரிப்பதற்கு வருகிறேன். இந்தப் புத்தகத்தில் முடிவு எண்ணின் மாறிய இலக்கத்தை மட்டும் போட்டிருக்கிறார்கள்: 70–4, 60–2, 201–8. ஆனால் 117–18 என்று இரண்டு இலக்கம் வருகிறது பாருங்கள். 11 முதல் 19 வரையில் முடியும் எண்களுக்கு இரண்டு இலக்கமும் போடுவது ஆங்கில நூல்களிலிருந்து வந்த பழக்கம். அதை அறிந்த ஒருவர்தான் இந்த அடைவைச் செய்திருக்கிறார். முதல் பிரதியில் அச்சில் உள்ளபடியே அடியுங்கள். விரித்தது வேண்டுமானால் அதிலிருந்து இன்னொரு பிரதி எடுத்து விரியுங்கள். ஏன் என்றால், விரிப்பதே ஒரு சோதனை. "58–63"ஐ இயந்திரம் "68–3" என்று படித்தது என்று வையுங்கள். விரித்தால் 68–63. தொடக்கம் முடிவைவிடப் பெரிதாக வருகிறது, தவறு என்று உடனே தெரியும். நீங்கள் தட்டச்சு செய்யும்போதே மனத்துக்குள் "68–73 ஆக இருக்கும்" என்று திருத்திவிட்டால் அந்தத் தடயமே அழிந்துவிடும்.

அடையாறு_நடை | பிப்ரவரி 6, இரவு 10:05

தொடர் எண்களில்தான் எனக்கு அதிக நேரம் போகிறது. நடுவில் உள்ள சிறு கோட்டை டெசராக்ட் சில இடங்களில் இணைப்புக்கோடாகப் படிக்கிறது, அது பரவாயில்லை, மொத்தமாக மாற்றிவிடலாம். சில இடங்களில் கோட்டையே விழுங்கிவிடுகிறது. "58–63" என்பது "5863" ஆகிவிட்டது. புத்தகம் 312 பக்கம்தான் என்பதால் அதைவிடப் பெரிய எண் எதுவானாலும் சிவப்பாகக் காட்டும்படி வைத்தேன். "602"ம் அப்படி மாட்டியது, அது 60–2.

ஆனால் "மதகுகள், 14, 20–3" என்பது "மதகுகள், 14, 203" என்று வந்தது. 203 என்று ஒரு பக்கம் உண்மையில் இருக்கிறது. ஒரு பதிவுக்குள் எண்கள் ஏறுவரிசையில் போக வேண்டும் என்ற சோதனையிலும் 14க்குப் பிறகு 203 வந்தால் தப்பித்துவிடும். அதற்குப் பின்னால் இன்னோர் எண், 96 என்று வைத்துக்கொள்ளுங்கள், இருந்திருந்தால் 203, 96 என்று இறங்கியிருக்கும், பிடித்திருக்கலாம். கடைசி எண்ணாக இருந்ததால் இரண்டு சோதனையும் சும்மா இருந்துவிட்டன. படத்தைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதிலும் 203ஆம் பக்கம் வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிற பகுதி, மதகு அங்கே வருவது இயல்பு, ஒருவர் புரட்டிப் பார்த்திருந்தால்கூட ஏமாந்திருப்பார்.

இப்போது ஒரு பட்டியல் எடுத்திருக்கிறேன். பதிவின் கடைசியில் வரும் மூன்று இலக்க எண்களில், முதல் இரண்டு இலக்கம் தொடரின் தொடக்கமாகவும் கடைசி இலக்கம் அதன் முடிவாகவும் இருக்க வாய்ப்புள்ளவை. 203 என்றால் 20–3 ஆக இருக்கலாம். 210 என்றால் 21–0 இருக்க முடியாது, ஏனென்றால் 21க்குப் பின் 20 வராது. இப்படிக் கழித்தால் பார்க்க வேண்டியவை கணிசமாகக் குறைகின்றன.

பழைய_கம்பாசிட்டர் | பிப்ரவரி 7, காலை 6:50

எல்லை 312 அல்ல. கடைசி 9 பக்கம் அடைவு என்றால் அது 304இல் தொடங்குகிறது. அடைவு தன்னையே சுட்டாது. உங்கள் எல்லை 303.

அடையாறு_நடை | பிப்ரவரி 7, காலை 7:30

ஆம், 303. மாற்றியவுடன் "308" ஒன்று சிவப்பானது. படத்தில் 30–8.

திருவல்லிக்கேணி_ஏடு | பிப்ரவரி 7, பகல் 12:15

என் வேலையும் இதுதான், ஆனால் என்னுடையது நூறு ஆண்டைத் தாண்டிய பதிப்பு. அரும்பத அகராதியில் பக்க எண்கள் தமிழ் எண்களில் இருக்கின்றன. ௧ஐ க என்றும் ௨ஐ உ என்றும் ௭ஐ எ என்றும் ௮ஐ அ என்றும் எழுத்தாகவே படித்துவிடுகிறது. சொல்லுக்குப் பின்னால் "கஉ" என்று வந்தால் அது 12ஆ, சொல்லின் மிச்சமா என்றே தெரிவதில்லை. சில புத்தகங்களில் 12ஐ ௰௨ என்று போடுகிறார்கள், சிலவற்றில் ௧௨. உங்கள் 303 எல்லை மாதிரி எதையும் என்னால் வைக்க முடியவில்லை. யாராவது செய்திருக்கிறீர்களா?

அடையாறு_நடை | பிப்ரவரி 7, இரவு 9:40

நான் செய்ததில்லை. ஆனால் உங்கள் அடைவில் காற்புள்ளிக்குப் பின்னால் வருவது எல்லாம் எண் என்று உறுதியாக இருந்தால், அந்தப் பகுதியில் மட்டும் க, உ, எ, அ வந்தால் எண்ணாக மாற்றச் சொல்லலாம். காற்புள்ளியே இல்லாமல் இடைவெளி மட்டும் விட்டிருந்தால் கடினம். `tsv`இல் அந்தச் சொல்லுக்கு முன்னால் உள்ள இடைவெளி எத்தனை பிக்சல் என்று பார்த்துப் பிரிக்க முடியுமா என்று முயன்று பாருங்கள். ஒரு பக்கப் படம் போடுங்களேன், பார்க்கிறேன்.

பெரம்பூர்_செவி | பிப்ரவரி 8, காலை 10:30

நான் பார்வையற்றவள். திரைவாசிப்பான் வழியாகத்தான் படிக்கிறேன். நீங்கள் பத்தியைப் பிரித்து ஒரு பதிவை ஒரு வரியாக்குவது எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு பத்தி கலந்த அடைவை வாசிக்கக் கேட்டால் எந்த எண் எந்த ஏரிக்கு என்றே பிடிபடாது.

ஒரு வேண்டுகோள். நீங்கள் உள்தள்ளலை மட்டும் நம்பியிருக்கிறீர்கள். என்விடிஏவில் உள்தள்ளலை அறிவிக்கச் சொல்லும் அமைப்பு இருக்கிறது, வைத்துக்கொண்டால் சொல்லும், ஆனால் எல்லாரும் வைத்திருப்பதில்லை. தேடும்போது இன்னும் சிக்கல். "மதகுகள்" என்று தேடினால் நேராக அந்த வரிக்குப் போய் நிற்கிறேன். அது செம்பரம்பாக்கத்தின் மதகா, புழலின் மதகா என்று தெரிய மேலே மேலே போய்ப் பார்க்க வேண்டும். உள்பதிவு வரியிலேயே தலைப்பையும் சேர்த்துவிட முடியுமா?

அடையாறு_நடை | பிப்ரவரி 8, பகல் 1:00

மேடம், நீங்கள் சொன்னது கைப்பேசியில் தேடுகிற எங்கள் குழுவுக்கும் அப்படியே பொருந்துகிறது. தேடல் முடிவில் ஒரு வரிதான் தெரியும், மேலே என்ன இருந்தது என்று தெரியாது. நான் உள்தள்ளலை முடிவாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது நடுக்கட்டம் என்று தோன்றுகிறது. உள்தள்ளிய பிரதி சரியாக இருந்தால் அதிலிருந்து இப்படி ஒரு பிரதியைத் தானாகவே எடுத்துவிடலாம்:

```
செம்பரம்பாக்கம் ஏரி: மதகுகள், 14, 20–3
```

இரண்டையும் தருகிறேன். உங்களுக்கு அரைப்புள்ளியைவிட முக்காற்புள்ளி வாசிக்க எளிதா?

பெரம்பூர்_செவி | பிப்ரவரி 8, பகல் 1:20

முக்காற்புள்ளி நல்லது, சின்ன இடைநிறுத்தம் வருகிறது. 20–3 என்பது "இருபது மூன்று" என்று கேட்கிறது, கோட்டைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. எனக்கான பிரதியில் மட்டும் 20 முதல் 23 வரை என்று விரித்துத் தர முடிந்தால் நல்லது.

விருகை_கணினி | பிப்ரவரி 8, மாலை 6:45

நான் விரிக்கச் சொன்னதற்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. மேடம், விரிக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன், கம்பாசிட்டர் ஐயா சொன்ன சோதனையோடு சேர்த்து. அடையாறு சார், கோப்பை அனுப்புங்கள்.

வேறொன்று: எல்லாம் முடிந்தபின் கணினியில் அகரவரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். அடைவின் வரிசையும் கணினி வரிசையும் வேறுபட்ட இடத்தில் எல்லாம் எழுத்துப்பிழை இருக்கும்.

அடையாறு_நடை | பிப்ரவரி 9, இரவு 10:30

செய்தேன். ஆனால் அப்படியே நம்பினால் சரியானதைக் கெடுத்துவிடுவோம். `LC_ALL=C sort` வெறும் குறியெண் வரிசையில் அடுக்குகிறது. ஒருங்குறியில் ற என்பது ழவுக்கு முன்னால் இருக்கிறது, ன என்பது பவுக்கு முன்னால். அதனால் கணினி "மறைமலை நகர்"ஐ முதலில் வைத்து "மழைநீர்"ஐப் பின்னால் வைத்தது. அடைவில் மழைநீர்தான் முதலில், அதுதான் நம் நெடுங்கணக்கு. அதேபோல "அம்பத்தூர் ஏரி", "அமைந்தகரை" இரண்டில் அடைவு அம்பத்தூரை முதலில் வைக்கிறது, புள்ளி எழுத்து முன்னால் வரும் என்பதால். கணினி புள்ளியைக் கடைசிக்குத் தள்ளி அமைந்தகரையை முன்னால் கொண்டுவந்தது. இந்த இரண்டு இடத்திலும் அடைவுதான் சரி. தமிழ் முறைப்படி அடுக்கும் மென்பொருளில் மொழியைத் தமிழ் என்று வைத்து அடுக்கிய பிறகுதான் ஒப்பீடு பயன்பட்டது.

அப்புறம், எல்லா வரியையும் சேர்த்து அடுக்கக் கூடாது. தலைப்பதிவுகளை மட்டும் ஒரு தடவை, ஒவ்வொரு தலைப்பின் கீழும் உள்ள பிள்ளைகளைத் தனித்தனியாக. இப்படிச் செய்தபோது "வண்டல் அகற்றல்" என்று ஒரு வரி "புழல்"க்கும் "பூண்டி"க்கும் நடுவில் தலைப்பதிவாக நின்றது தெரிந்தது. அது முதுகு வளைவில் இருந்த வரி, புழலின் உள்பதிவு.

"காக்ரேன் கால்வாய், காண்க பக்கிங்ஹாம் கால்வாய்" என்று ஒரு பதிவு. இன்றைய பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதிக்கு முன்பு அந்தப் பெயர் இருந்தது, அது சரிதான். ஆனால் அடைவில் "பக்கிங்ஹாம்" என்ற தலைப்பே இல்லை, "பக்கிங்காம்" தான் இருக்கிறது. படத்தைப் பார்த்தேன், அச்சிலேயே அப்படித்தான். அச்சில் உள்ளபடி விட்டேன், தேடல் பிரதியில் மட்டும் ஒன்றாக்குவேன். "காண்க" வரும் ஒவ்வொரு பதிவும் சுட்டும் தலைப்பு உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது பயனுள்ள சோதனை, எண் இல்லாத பதிவுகளுக்கு வேறு சோதனையே கிடையாது.

அடையாறு_நடை | பிப்ரவரி 10, இரவு 9:15

ஒரே ஓர் இடம் தீரவில்லை. கூவத்தின் கீழ் இப்படி இருக்கிறது:

```
கூவம், 18–26
  கரையோரக் குடியிருப்புகள்,
      இடமாற்றம், 144–9
  படகுப் போக்குவரத்து, 22
```

"கரையோரக் குடியிருப்புகள், இடமாற்றம்" என்று ஒரே பதிவு மடங்கியதா, அல்லது குடியிருப்புகள் என்பதற்குக் கீழே இடமாற்றம் என்று மூன்றாம் படியா? மேல்வரி காற்புள்ளியில் முடிகிறது, ஐயா சொன்ன விதிப்படி மடங்கிய வரி. ஆனால் இந்த அடைவில் மெரினாவின் கீழ் உண்மையான மூன்றாம் படி ஒன்று இருக்கிறது, அதுவும் இதே ஆழத்தில்தான் அச்சாகியிருக்கிறது. 144ஆம் பக்கத்தைப் புரட்டினேன். இடமாற்றம் பற்றித்தான் பேசுகிறது, இரண்டு வாசிப்புக்கும் அது ஒத்துப்போகிறது.

பழைய_கம்பாசிட்டர் | பிப்ரவரி 11, காலை 7:10

மடங்கிய வரி என்பேன். ஒரு பதிவைப் பிரித்தால் குறைந்தது இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரே ஒரு பிள்ளைக்காக யாரும் புதுப் படி போட மாட்டார்கள். மெரினாவின் கீழ் எத்தனை இருக்கின்றன?

அடையாறு_நடை | பிப்ரவரி 11, காலை 7:45

மூன்று. மூன்றிலும் மேல்வரி எண்ணில் முடிகிறது, காற்புள்ளி இல்லை.

விருகை_கணினி | பிப்ரவரி 11, காலை 8:20

எனக்கு முழுச் சம்மதம் இல்லை. 144 முதல் 149 வரை ஆறு பக்கம், குடியிருப்பின் வரலாறு, கணக்கெடுப்பு எல்லாம் அதற்குள் இருக்கலாம். அடைவு செய்தவர் இரண்டாவது பிள்ளையை எழுத மறந்திருக்கலாம், கோத்தவர் ஒரு வரியை விட்டிருக்கவும் கூடும்.

பழைய_கம்பாசிட்டர் | பிப்ரவரி 11, காலை 8:35

கூடும். வரி விட்டுப்போவது நடக்கிற விஷயம்தான். ஆனால் விட்டுப்போன வரியை ஊகித்து நாம் படி கட்டக் கூடாது.

அடையாறு_நடை | பிப்ரவரி 11, இரவு 9:30

ஒரே வரியாக ஒட்டிவிட்டு, அந்த வரியின் முடிவில் ஒரு கேள்விக்குறியும் படத்தின் பெயரும் போட்டிருக்கிறேன். விருகை, விரிக்க வேண்டிய கோப்பை அனுப்பிவிட்டேன், அந்தக் கேள்விக்குறியை மட்டும் நீக்காதீர்கள். ஏடு நண்பர் அனுப்பிய பக்கத்தில் காற்புள்ளி இல்லை. இடைவெளி அளவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ௰ வரும் இடங்களை இன்னும் பிரிக்க முடியவில்லை.